ஒழுகுவது கீழே, உடைக்க வேண்டியது மேலே

அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரை ஒழுகினால், ஒழுகுகிற வீட்டுக்குள் நின்றுகொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் சொட்டுவது ஒருவர் தலைமேல், உடைத்துப் பார்க்க வேண்டிய தரையோ இன்னொருவர் வீட்டில். கீழே இருப்பவர் வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் சங்கிலி இன்னும் நீளும். அவர் தன் ஹவுஸ் ஓனரிடம் சொல்ல வேண்டும். ஓனர் மேல் வீட்டு ஓனரிடம் சொல்ல வேண்டும். அவரும் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அங்கே குடியிருப்பவரிடம் அவர் பேச வேண்டும். இந்த நான்கு பேரில் கசிவைத் தினமும் பார்ப்பவர் ஒருவர்தான். பணம் செலவழிக்க வேண்டியவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்.

"சார், பாத்ரூம் சீலிங் ஒழுகுது" என்று போனில் சொல்லும் ஒரு வரி பெரும்பாலும் முதல் ஆளோடு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். அந்த வரியில் ஓனர் எடுத்துக்கொண்டு போய் மேல் வீட்டுக்காரரிடம் கொடுக்கும்படியாக எதுவும் இல்லை. "எங்க வீட்ல ஒண்ணும் ஒழுகலையே" என்று மேல் வீட்டுக்காரர் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். புகார் சொல்பவர் கையில் இருக்க வேண்டியது, மூன்றாவது ஆள் படித்தாலும் மறுக்க முடியாத குறிப்பு. அதை எப்படித் தயாரிப்பது, ஓனரிடம் சரியாக எதைக் கேட்பது என்பதை மடிப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

பதினைந்து வருடங்களைத் தாண்டிய கட்டடம் அது. இரண்டாம் மாடியில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பெண் என மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓனர் தாம்பரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்றாம் மாடி வீட்டின் ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அங்கேயும் வாடகைக்கு ஒரு குடும்பம். ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாம் மாடிக் குளியலறைக் கூரையின் ஒரு மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. இரண்டே நாளில் பெயின்ட் உப்பி, சொட்ட ஆரம்பித்தது.

அந்த வீட்டு அம்மா முதலில் செய்தது சரியான காரியம். குளியலறை விளக்குக்கும் கீசருக்கும் போகும் சுவிட்சை டிபி பெட்டியிலேயே இறக்கிவிட்டார். ஈரம் விளக்கின் ஹோல்டர் வரை வந்துவிட்டால் சுவரைத் தொட்டாலே ஷாக் அடிக்க வாய்ப்பு உண்டு. பிறகு மேலே போய், "அக்கா, எங்க பாத்ரூம்ல மேலேர்ந்து தண்ணி சொட்டுது, உங்க பக்கம் ஏதாவது குழாய் ஒழுகுதான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டார். மேல் வீட்டு அக்கா காட்டிய குளியலறை சுத்தமாக இருந்தது, எந்தக் குழாயும் ஒழுகவில்லை. "ஓனர்கிட்ட சொல்லுங்கம்மா, நாங்க எதுவும் உடைச்சுப் பார்க்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாடகைக்கு இருப்பவர் ஓனரைக் கேட்காமல் டைல்ஸ் மேல் உளி வைக்க முடியாது. மேலே போய்ச் சொல்வது அக்கம்பக்கத்து மரியாதைக்காகவும், திறந்துவிட்ட குழாய் போன்ற அவசரத்துக்காகவும்தான். அதற்கு மேல் இரண்டு குடித்தனக்காரர்களும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க எதுவும் இல்லை. அங்கே பேச்சை வளர்த்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அதன் பிறகு அவர் ஒரு நோட்டை எடுத்து நேரம் குறிக்க ஆரம்பித்தார். இந்த விஷயத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மேல் தளத்திலிருந்து வரும் தண்ணீருக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றும் சொட்டும் நேரத்தில் வேறுபடும்.

முதலாவது, சுவருக்குள் ஓடும் நல்ல தண்ணீர்க் குழாய். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இந்த லைனில் இருபத்து நாலு மணி நேரமும் அழுத்தம் இருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் ராத்திரி, பகல், வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே சீராகச் சொட்டும். பழைய கட்டடங்களில் ஜிஐ குழாய் முழங்கை வளைவில் துருப்பிடித்து ஓட்டையாவது சாதாரணம். இரண்டாவது, கழிவுக் குழாய். குளித்தாலோ ஃப்ளஷ் செய்தாலோ கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சொட்டும், பிறகு நின்றுவிடும். மூன்றாவது, தரை. டைல்ஸ் இடுக்குகளில் பூசிய கிரவுட் தேய்ந்து, தண்ணீர் கீழே இறங்கித் தேங்கி, மெதுவாகக் கசியும். இது குளித்து முடித்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும்.

தரை ஏன் தாமதமாகக் கசிகிறது என்பதற்குக் குளியலறைத் தரை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிய வேண்டும். நம் ஊர் அடுக்குமாடிகளில் குளியலறைக்கு அடியில் உள்ள கான்கிரீட் தளத்தைப் பெரும்பாலும் மற்ற அறைகளைவிடப் பள்ளமாக இறக்கிப் போடுவார்கள். சங்கன் ஸ்லாப் என்பது இதுதான். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுக் குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே காரை பூசி டைல்ஸ் ஒட்டுவார்கள். பள்ளத்தின் அடியிலும் பக்கச் சுவர்களிலும் நீர் தடுப்புப் பூச்சு இருக்க வேண்டும். அது வெடித்துப்போனாலோ, முதலிலேயே அரைகுறையாகப் பூசியிருந்தாலோ, டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீரை அந்த ஜல்லி பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு கான்கிரீட்டில் எங்கே பலவீனமோ அங்கே வந்து சொட்டும். ஆகவே கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. மேலே வடக்கு மூலையில் இறங்கிய தண்ணீர் கீழே தெற்கு மூலையில் வெளியே வரலாம்.

அந்த அம்மாவின் நோட்டில் இருந்தது இவ்வளவுதான். திங்கள்: காலை 8.40-க்குச் சொட்டத் தொடங்கியது, நிமிடத்துக்குச் சுமார் 20 சொட்டு, 11 மணிக்கு 6 சொட்டு, மதியம் 2 மணிக்கு நின்றது. இரவு 9.30-க்கு மறுபடியும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஏறக்குறைய அதே நேரம். ஞாயிறு: காலை 10.50-க்குத்தான் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் ஒரு படம். வளையத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்தார். ஒரு வாரத்தில் ஈரம் கோட்டைத் தாண்டி எவ்வளவு பரவியது என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வித்தியாசத்தைக் கவனியுங்கள். மேல் வீட்டில் அன்று எல்லாரும் தாமதமாக எழுந்து குளிப்பார்கள், கசிவும் தாமதமாகத் தொடங்கியது. நல்ல தண்ணீர்க் குழாய் ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஒழுகாது. அதன் பிறகு பொங்கலுக்கு மேல் வீட்டுக்காரர்கள் 13-ஆம் தேதி மாலை ஊருக்குப் போய் 17-ஆம் தேதி இரவு திரும்பினார்கள். 14-ஆம் தேதி இரவோடு சொட்டுவது நின்றது. 18-ஆம் தேதி காலை மறுபடியும் ஆரம்பித்தது. இங்கே அனுபவமுள்ள பிளம்பர் ஒரு கேள்வி கேட்பார்: ஊருக்குப் போகும்போது வால்வை மூடிவிட்டுப் போனார்களா? மூடியிருந்தால் குழாய் ஓட்டையும் நின்றிருக்கும், அதனால் எதையும் முடிவு செய்ய முடியாது. கேட்டபோது வால்வை மூடவில்லை என்றார்கள். குழாயில் அழுத்தம் அப்படியே இருந்தும் கசிவு நின்றிருக்கிறது. அப்படியானால் குற்றவாளி கழிவுக் குழாய் அல்லது தரை. ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

இனி ஓனருக்கு எழுத வேண்டும். போனில் சொல்லிவிட்டு, அதையே எழுத்திலும் அனுப்புவது அவசியம். வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சலாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் அனுப்பிய செய்தி இது:

"வணக்கம் சார். ஜனவரி 5 முதல் நம்ம வீட்டுப் பொதுக் குளியலறைக் கூரையில், ஜன்னல் பக்க மூலையில் தண்ணீர் கசிகிறது. மேல் வீட்டில் குளித்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி நான்கைந்து மணி நேரம் சொட்டுகிறது. அவர்கள் ஊரில் இல்லாத 15, 16, 17 தேதிகளில் முழுவதும் நின்றிருந்தது. தேதி வாரியாகக் குறிப்பும் படங்களும் இணைத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக அந்த அறையின் மின் இணைப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம். மேல் வீட்டு ஓனரிடம் இந்தக் குறிப்பைக் காட்டி, அவர் வீட்டுக் குளியலறையை ஒரு பிளம்பர் பார்க்க ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வரும் சனி அல்லது ஞாயிறு காலை 10 மணிக்குப் பார்க்க முடிந்தால் நானும் வீட்டில் இருப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி சொன்னால் நல்லது சார்."

இதில் கோபம் இல்லை, மேல் வீட்டுக்காரர் மேல் குற்றச்சாட்டும் இல்லை. அதனால் ஓனர் இதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே கோயம்புத்தூருக்கு ஃபார்வர்டு செய்ய முடியும். கேட்பதும் "சரிசெய்து கொடுங்கள்" என்ற பெரிய வேலையை அல்ல, பார்க்க அனுமதி என்ற சின்ன வேலையை. முதல் செய்தியிலேயே "டைல்ஸை உடைக்கணும்" என்று எழுதினால் மேல் வீட்டு ஓனர் செலவை நினைத்துப் பின்வாங்குவார். "பிளம்பர் வந்து பார்க்கட்டும்" என்பதற்கு மறுப்புச் சொல்வது கடினம்.

தாம்பரத்து ஓனர் முதலில் சொன்னது, பல ஓனர்கள் சொல்வதுதான்: "நீங்களே மேலே இருக்கறவங்க ஓனர் நம்பரை வாங்கிப் பேசிடுங்களேன்மா." இதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாடகைக்கு இருப்பவருக்கும் மேல் வீட்டு ஓனருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. கெட்டுப்போவது ஓனரின் சொத்து. அசோசியேஷன் கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் உரிமையும் ஓனருக்குத்தான். நாளைக்குச் செலவைப் பங்கு போடும் பேச்சு வந்தால் சம்மதம் சொல்லும் அதிகாரமும் அவரிடம்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளை இருவருக்கும் பிரித்து ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறது. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவரால் வந்த சேதம் தவிர, கட்டடத்தின் கட்டமைப்பு சார்ந்த பழுதுகள் ஓனர் பொறுப்பு. கூரைத் தளம் இந்த இரண்டாவது வகை.

அந்த அம்மா இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. "சார், நான் பேசினா குடித்தனக்காரங்க புகார்னு நினைச்சுப்பாங்க. நீங்க பேசினா உங்க வீட்டுக் கூரைக் கம்பி துருப்பிடிக்கிற விஷயம்னு புரிஞ்சுப்பாங்க" என்றார். ஓனருக்கு உறைத்தது அந்தக் கம்பிதான்.

அது மிகைப்படுத்தல் இல்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தொடர்ந்து ஈரப்பட்டால் துருப்பிடிக்கும். துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே அந்த அழுத்தம் தாங்காமல் கான்கிரீட் வெடித்து, கம்பியை மூடியிருக்கும் பாகம் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக ஒரு விரிசல் தெரியும், அதில் பழுப்புக் கறை வடியும். நீண்ட கழியால் கூரையைத் தட்டினால் நல்ல இடத்தில் கெட்டியான சத்தமும், பெயர்ந்த இடத்தில் பொள்ளலான சத்தமும் கேட்கும். பொள்ளல் சத்தம் கேட்ட இடத்துக்குக் கீழே யாரும் நிற்கவோ தூங்கவோ கூடாது. வெள்ளையாக உப்புப் பூப்பது மட்டும் தெரிந்தால் நிலைமை அவ்வளவு முற்றவில்லை. தண்ணீர் கான்கிரீட்டின் வழியாக வந்து உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கட்டத்தில் பல ஓனர்கள் செலவைக் குறைக்க ஒரு குறுக்கு வழி தேடுவார்கள். கீழிருந்தே கூரையில் வாட்டர்ப்ரூஃப் கலவையைப் பூசி, மேலே பெயின்ட் அடித்துவிடுவது. சில மாதம் நன்றாகவே இருக்கும். தண்ணீர் மேலிருந்து வந்துகொண்டே இருப்பதால் அது பூச்சுக்குப் பின்னால் தேங்கும், கம்பி கூடுதல் வேகத்தில் துருப்பிடிக்கும், கடைசியில் பூச்சைத் தள்ளிக்கொண்டோ பக்கத்து அறைக் கூரையிலோ வெளியே வரும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது இதைவிட மோசம். உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

மடிப்பாக்கத்துக்குத் திரும்புவோம். இரண்டு ஓனர்களும் போனில் பேசி, ஒரு ஞாயிறு காலை பிளம்பர் வந்தார். கீழ் வீட்டு ஓனரும் நேரில் வந்திருந்தார். இது முக்கியம். சோதனை நடக்கும்போது இரண்டு தரப்பிலிருந்தும் ஆள் இருந்தால், பின்னால் "அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு வராது. கோயம்புத்தூர்க்காரர் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஃப்ளஷ் டேங்கில் நீல நிற உணவுச் சாயத்தைக் கலந்து பல முறை ஃப்ளஷ் செய்தார்கள். மாலை வரை கீழே நீலம் வரவில்லை. கழிப்பறைக் குழாய் சரியாக இருக்கிறது. அடுத்து, தரையில் உள்ள நஹானி டிராப்பின் சல்லடையைக் கழற்றிவிட்டு, தரை நனையாமல் ஓஸ் வழியாக நேரே வாய்க்குள் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை வாளி வாளியாக விட்டார்கள். சிவப்பும் வரவில்லை. ஆக, கழிவுக் குழாயும் டிராப்பின் உட்புறமும் ஒழுகவில்லை. மிஞ்சியது தரை. டிராப் வாயைத் துணி வைத்து இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தார்கள். மேல் வீட்டுக்காரர்கள் அன்று இன்னொரு குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மறுநாள் காலை மேலே நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. கீழே இரவு முழுக்கச் சொட்டியிருந்தது.

சோதனைகளை இந்த வரிசையில் செய்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் கட்டும் சோதனையை முதலிலேயே செய்தால் ஜல்லி முழுக்க ஊறிவிடும். பிறகு இரண்டு மூன்று நாள் எந்தச் சோதனை செய்தாலும் கீழே சொட்டும், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூரையில் கான்கிரீட் ஏற்கெனவே பெயர்ந்திருந்தால், பொறியாளர் ஒருவர் பார்க்காமல் தண்ணீர் கட்டவே கூடாது.

பிளம்பர் டிராப்பைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்கு டைல்ஸை எடுத்துப் பார்த்தார். டிராப்பின் விளிம்புக்கும் அதைச் சுற்றிய காரைக்கும் நடுவில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. தினமும் குளிக்கும் தண்ணீர் எல்லாம் சரிந்து ஓடிவந்து சேரும் இடமே அதுதான். கொஞ்சம் டிராப்புக்குள் போயிருக்கிறது, கொஞ்சம் அதன் வெளிப்பக்கமாகப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. அடைத்திருந்தபோதும் சொட்டியதற்கும், நேரே வாய்க்குள் ஊற்றியபோது சொட்டாததற்கும் காரணம் விளங்கியது.

அதன் பிறகு தொழில்நுட்பம் எளிது. கடினமானது ஆட்களை ஒருங்கிணைப்பதுதான். வேலைக்கு ஐந்து நாள் தேவை என்றார் மேஸ்திரி. இடைவெளியைக் கிளறிச் சுத்தம் செய்து, சுருங்காத சிமென்ட் கலவையால் அடைத்து, நீர் தடுப்புப் பூச்சை இரண்டு கோட்டாக டிராப் வாய்க்குள் திரும்பும்படி பூச வேண்டும். அது காய வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே மறுபடியும் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். இந்த நடுச் சோதனையைத்தான் அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிந்தால் மறுபடி முதலிலிருந்து உடைக்க வேண்டும். கடைசியில் டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளில் எபாக்சி கிரவுட் நிரப்ப வேண்டும்.

மேல் வீட்டுப் பையனுக்குப் பத்தாம் வகுப்பு ரிவிஷன் தேர்வு நடந்துகொண்டிருந்தது. "சார், இந்த வாரம் உளிச் சத்தம் வேண்டாம் சார்" என்று அவன் அம்மா கேட்டார். ஒன்பது நாள் தள்ளிப் போட்டார்கள். அதுவரை அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இன்னொன்றைப் பயன்படுத்த அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து கீழே சொட்டுவது நின்றது. கீழ் வீட்டுக்காரருக்கு அப்போதைக்கு வேண்டியது அதுதான். ரிப்பேர் தேதியைப் பற்றிப் பேசும்போதே இடைக்கால ஏற்பாட்டைப் பற்றியும் ஓனர் மூலம் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது குளியலறை இல்லாத வீடு என்றால், கசியும் தரையில் குளிக்காமல் வாளியை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வதோ, தற்காலிகமாக டிராப் ஓரத்தை சீலன்ட் வைத்து அடைப்பதோதான் வழி.

செலவு யாருடையது? தன் வீட்டுத் தரை, தன் வீட்டுக்கு மட்டும் போகும் குழாய் இரண்டையும் சரிசெய்வது மேல் வீட்டு ஓனர் பொறுப்பு என்பதே பொதுவான நடைமுறை. எல்லா மாடிக்கும் பொதுவாக டக்ட் வழியாக இறங்கும் பெரிய கழிவுக் குழாயில் கோளாறு என்றால் அசோசியேஷன் பணத்திலிருந்து செய்ய வேண்டும். ஆகவே காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் பணப் பேச்சு எடுக்க வேண்டும். மடிப்பாக்கத்தில் மேல் வீட்டு ஓனர் தரையைத் தன் செலவில் செய்தார். கீழே கூரைப் பூச்சுக்கும் பெயின்டுக்கும் ஆன செலவை இரண்டு ஓனர்களும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டார்கள். முழுவதையும் மேல் வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் சுமுகமாக முடிய வேண்டும் என்று ஆசிரியர் விட்டுக்கொடுத்தார். வாடகைக்கு இருப்பவர் எதிலும் பங்கு தர வேண்டியதில்லை. புதுக் கட்டடம் என்றால் இன்னொரு வழி உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். இதையும் வீட்டை வாங்கியவர்தான் கேட்க முடியும்.

மேலே வேலை முடிந்த மறுநாளே கீழே பெயின்ட் அடிக்க ஆள் அனுப்புவார் ஓனர். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பள்ளத்தில் ஊறிய தண்ணீர் வடியச் சில நாள் ஆகும், கூரை காய மூன்று நான்கு வாரம் எடுக்கும். வேலை முடிந்த பின்னும் முதல் சில நாள் லேசாகச் சொட்டலாம். நாளுக்கு நாள் குறைந்தால் அது பழைய தண்ணீர், குறையாமல் இருந்தால் இன்னொரு ஓட்டை. காய்ந்த பிறகு உப்பிய பூச்சைச் சுரண்டி, கம்பி வெளியே தெரிகிறதா என்று பார்த்து, துருவைத் தேய்த்து எடுத்துத் துருத் தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே புதிதாகப் பூச வேண்டும்.

எல்லாருக்கும் இப்படி மூன்று வாரத்தில் பேச்சு முடிவதில்லை. மேல் வீட்டு ஓனர் போனையே எடுக்காமல் போனால், கீழ் வீட்டு ஓனர் முதலில் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் எழுத்தில் கொடுத்து, கூட்டுப் பார்வைக்கு ஒரு தேதி கேட்க வேண்டும். அடுத்து, பொறியாளர் ஒருவரை வைத்துக் கீழிருந்து பார்த்து எழுதிய அறிக்கையோடு, மேல் வீட்டு ஓனரின் முகவரிக்கு ஒப்புகைச் சீட்டுடன் தபால் அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் மனு கொடுத்துச் சமரசத்துக்கு அழைக்கலாம். கடைசி வழி உரிமையியல் நீதிமன்றம். பழுதைச் சரிசெய்யும்படி உத்தரவும் நஷ்ட ஈடும் அங்கே கேட்க முடியும். இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த நோட்டுக் குறிப்பும் படங்களும்தான்.

தன் ஓனரே அசையவில்லை என்றால், வாடகைக்கு இருப்பவர் வாடகைச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை அதிகாரியிடம் போகலாம். ஒப்பந்தம் tenancy.tn.gov.in தளத்தில் பதிவாகியிருந்தால் இது எளிது. ஆனால் அவர் தீர்ப்பது உங்களுக்கும் உங்கள் ஓனருக்கும் இடையிலான பிரச்சினையைத்தான், மேல் வீட்டைத் திறக்கச் சொல்லி அவரால் உத்தரவிட முடியாது. கோபத்தில் வாடகையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. வாடகை பாக்கி வைப்பது வீட்டைக் காலி செய்யச் சொல்லச் சட்டமே ஏற்கும் காரணம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடும். குளியலறை பயன்படுத்த முடியாத மாதத்துக்கு வாடகையைக் குறைத்துக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள், அவர் எழுத்தில் சம்மதித்த பிறகு குறைத்துக் கொடுங்கள்.

வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு செய்தி அனுப்ப வேண்டும். மடிப்பாக்கத்து அம்மா அனுப்பியது: "சார், பிப்ரவரி 14-க்குப் பிறகு கசிவு இல்லை. கூரைப் பூச்சு மார்ச் 16-இல் முடிந்தது. ஜன்னல் ஓரச் சுவரில் இரண்டு டைல்ஸ் பழைய ஈரத்தால் நிறம் மாறியிருக்கிறது, படம் இணைத்துள்ளேன். இது கசிவால் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்." காலி செய்யும் நாளில் அந்த இரண்டு டைல்ஸைக் காட்டி அட்வான்ஸில் பிடிக்க முடியாமல் தடுப்பது இந்தச் செய்திதான். ஓனர் ஒரு கட்டைவிரல் குறியோடு நிறுத்தாமல் "சரிம்மா, குறிச்சுக்கிட்டேன்" என்று பதில் போட்டிருந்தார்.